தழும்பின் வயது

இரண்டு பிரசவங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், எங்கிருந்து எதுவரை எண்ணுவது என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். என் மகள் 2023 டிசம்பர் 10ஆம் தேதி அறுவை சிகிச்சையில் பிறந்தாள். அடுத்த ஆண்டு ஆகஸ்டு கடைசியில் மறுபடியும் கரு தங்கியது. கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி, "எட்டரை மாசம் கேப்பு" என்று எழுதிக்கொண்டார். என் மாமியார், "அடுத்த புள்ள பொறக்கறப்ப மூத்தவளுக்கு ஒன்றரை வயசு ஆயிடும், அது போதும்" என்றார். இணையத்தில் படித்த ஒரு மருத்துவக் கட்டுரை 18 மாதம் என்றது, இன்னொன்று 6 மாதம் என்றது, உலக சுகாதார நிறுவனம் 24 மாதம் என்றது. ஒரே உடம்புக்கு இத்தனை எண்கள்.

தொழிற்சாலையில் எனக்கு அளவீடு சம்பந்தப்பட்ட வேலை. இரண்டு பேர் இரண்டு எண் சொன்னால் யார் சரி என்று பார்ப்பதற்கு முன்னால், இருவரும் ஒரே இடத்திலிருந்துதான் அளந்தார்களா என்று பார்ப்போம். இங்கேயும் அதுதான் விஷயம். 2005இல் ஜெனிவாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன 24 மாதம், ஒரு குழந்தை பிறந்த நாளிலிருந்து அடுத்த கர்ப்பத்துக்கு முயலும் நாள் வரைக்குமானது. தாய், சேய் இருவரின் பொதுவான நலனை வைத்துச் சொன்ன எண் அது. கருப்பைத் தழும்பைப் பற்றிய ஆய்வுகளில் பலவும் பிரசவத்திலிருந்து அடுத்த பிரசவம் வரை எண்ணுகின்றன. அவற்றில் 18 மாதம் என்றால், கர்ப்பத்தின் ஒன்பது மாதத்தைக் கழித்த பிறகு நடுவில் மிஞ்சுவது ஒன்பது மாதம்தான். மாமியார் எண்ணியது இந்தக் கணக்கில், மிஸ்ஸி எண்ணியது முந்தைய கணக்கில். இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் எண்ணை இன்னொருவர் கணக்கில் போட்டால் ஒன்பது மாதம் பிசகிவிடும்.

இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று நாங்கள் சொன்னதில்லை. எப்போது என்று தேதியும் குறித்ததில்லை. 2023 ஜனவரியிலிருந்து மலேசியாவில் பேறுகால விடுப்பு 98 நாள். அது முடிந்து மார்ச்சு மாதம் வேலைக்குத் திரும்பினேன். பகலில் இரண்டு தடவை பால் பீய்ச்சி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து, தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்து பாலத்தைத் தாண்டி கேரி தீவுக்குக் கொண்டு வருவேன். மாதவிலக்கு திரும்பவே இல்லை. பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் அதற்கு மூன்று நிபந்தனைகள் போட்டார்கள்: மாதவிலக்கு வந்திருக்கக் கூடாது, தாய்ப்பாலே முழு உணவாக இருக்க வேண்டும், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவிகிதப் பாதுகாப்பு. ஒன்று விலகினாலும் அந்த உறுதி இல்லை. மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே முட்டை வெளியாகிவிடும் என்பதால், முதல் விலக்கைப் பார்க்காமலே கர்ப்பமாகலாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

அதனால் பிங்க் புத்தகத்தில் கடைசி மாதவிலக்கு என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. அந்தத் தேதி இல்லாமல் பிரசவ நாள் இல்லை, பிரசவ நாள் இல்லாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க முடியாது. அக்டோபர் 4ஆம் தேதி ஸ்கேன் எடுத்தார்கள். தலையிலிருந்து பிட்டம் வரை 14 மில்லிமீட்டர், 7 வாரம் 5 நாள். பிரசவ நாள் 2025 மே 18 என்று வந்தது. கரு சிறியதாக இருக்கும்போது எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் இந்த அளவை நம்பலாம். மாதங்கள் போகப் போக குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி வேறுபடும், ஸ்கேன் சொல்லும் தேதியும் தளர்ந்துவிடும்.

அந்த ஸ்கேனில் டாக்டர் இன்னொன்றையும் தேடினார். கருப்பைப் பை போன்ற வெற்றிடத்தில் கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். அபூர்வமாகச் சிலருக்கு அது பழைய தழும்பின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய கர்ப்பத்தைத் தொடர்வது தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை எளிதாகக் கண்டுபிடிக்க முடிகிற காலம் இந்த ஆறு, ஏழு வாரங்கள்தான். பிறகு கரு பெரிதாகி மேல்நோக்கி நகர்ந்துவிட்டால் எங்கே ஒட்டியது என்று தெரியாது. எனக்குக் கரு மேலே, பின்சுவரில் இருந்தது. டாக்டர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் நல்ல செய்தி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

*

தழும்பு என்றதும் எல்லாரும் வயிற்றின் மேல் தெரியும் கோட்டைத்தான் நினைக்கிறோம். என் தோழி ஒருத்தி அவளுடைய கோடு மெல்லியதாக ஆறியிருப்பதைக் காட்டி, "உள்ளேயும் இப்படித்தான் இருக்கும்" என்று நம்பினாள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. தோலைக் குறுக்காகக் கிழித்துவிட்டு, கருப்பையை நெடுக்காகத் திறந்திருக்கவும் கூடும். ஆபத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் வெட்டு. அதை அறிய ஒரே வழி, அறுவை செய்தவர் எழுதிய குறிப்பு.

என் குறிப்பில் மூன்று விஷயங்களை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். முதலாவது, கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவெட்டு. இரண்டாவது, வெட்டு பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ கிழிந்து நீளவில்லை. மூன்றாவது, இரண்டு அடுக்காகத் தைத்தது. கருப்பையின் மேல்பகுதி வலி எடுக்கும்போது இறுகிச் சுருங்கும் தடித்த தசை. கீழ்ப்பகுதி அப்போது இழுபட்டு மெலியும் பகுதி. மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு இருந்தால், அடுத்த பிரசவத்தில் சுருங்குகிற தசையே அதைப் பிளக்கும். 1916இல் நியூயார்க்கின் எட்வின் கிராகின், ஒரு தடவை வயிற்றைத் திறந்தால் அடுத்ததும் அப்படித்தான் என்ற பொருளில் எழுதியது இந்த நெடுக்கு வெட்டுகளின் காலத்தில். பிறகு கிளாஸ்கோவின் மன்ரோ கெர் முன்னிறுத்திய கீழ்ப்பகுதிக் குறுக்குவெட்டு உலகமெங்கும் வழக்கமானது. அதன் பிறகுதான் அறுவைக்குப் பின் சாதாரணப் பிரசவம் என்ற பேச்சே நிதானமாக நடக்க முடிந்தது.

வெட்டிய இடம் ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? தையல் நூல் சில வாரங்களில் பலம் இழந்து கரைந்துவிடும். அதற்குள் நாரிழைகள் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொள்ள வேண்டும். துருக்கி ஆய்வாளர்கள் 1997இல் அறுவைக்குப் பிந்தைய கருப்பைகளை எம்ஆர்ஐ படங்களில் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்தில் தழும்பின் தோற்றம் வேகமாக மாறியது. கருப்பைச் சுவரின் அடுக்குகள் பழையபடி பிரிந்து தெரிய குறைந்தது ஆறு மாதம் ஆனது. படத்தில் அடுக்கு திரும்பிவிட்டதாலேயே பழைய பலமும் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் கரு தங்குவதை ஏன் தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இனி எண்கள். மூன்றை மட்டும் சொல்கிறேன். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்வது: ஒரு தடவை அறுவை ஆனவர் அடுத்து சாதாரணப் பிரசவத்துக்கு முயன்றால், 200 பேரில் ஒருவருக்குக் கருப்பைத் தழும்பு கிழியலாம். வலி வருவதற்கு முன்னாலேயே நாள் குறித்து அறுவை செய்தால் அது 10,000 பேரில் இருவருக்கு. இது எல்லா இடைவெளிகளையும் சேர்த்த எண். பாஸ்டனில் 2001இல் வெளிவந்த ஆய்வு, பிரசவ வலிக்குப் போன பெண்களில் இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் 18 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களைத் தனியாக எண்ணியது. அவர்களில் நூற்றுக்கு 2.25 பேருக்குக் கிழிந்திருந்தது, மற்றவர்களில் 1.05 பேருக்கு. 2007இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு கரு தங்கிய நாள்வரை எண்ணியது. ஆறு மாதத்துக்குள் கரு தங்கியவர்களில் நூற்றுக்கு 2.7, மற்றவர்களில் 0.9.

என்னை இதில் எங்கே வைப்பது? எட்டரை மாதம் என்பதால் இரண்டாவது ஆய்வின் ஆபத்து வரிசையில் நான் இல்லை. மே மாதம் பிரசவம் என்றால் நடுவில் 17 மாதம், முதல் ஆய்வின் ஆபத்து வரிசையில் இருக்கிறேன். இரவு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நாற்பத்தைந்து பெண்களில் ஒருத்தி. நாற்பத்து நான்கு பேருக்கு ஒன்றும் ஆகாது.

இந்த எண்களில் நான் முதலில் கவனிக்காத ஒன்றை டாக்டர்தான் சொன்னார். இவை கர்ப்பத்தின் ஆபத்து இல்லை, பிரசவ வலியின் ஆபத்து. குறுக்குவெட்டுத் தழும்பு வலி வருவதற்கு முன்னால் தானாகக் கிழிவது மிக அரிது. ஒன்பது மாதமும் நான் வெடிகுண்டைச் சுமப்பதுபோல மெதுவாக நடக்க வேண்டியதில்லை. "மாடிப்படி ஏறலாமா, மகளைத் தூக்கலாமா" என்று கேட்டேன். இரண்டுக்கும் தழும்பை வைத்துத் தடை சொல்லவில்லை. தழும்புக்குச் சோதனை வருவது கருப்பை மணிக்கணக்காகச் சுருங்கும்போது. மருந்து வைத்து வலி வரவழைத்தால் சோதனை இன்னும் கடுமை.

தழும்பின் கனத்தை அளந்து பார்க்க முடியாதா என்று கேட்டேன். என் தொழில் புத்தி. முடியும். 36 வாரத்துக்குப் பிறகு ஸ்கேனில் கருப்பையின் கீழ்ச்சுவரை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1996இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 3.5 மில்லிமீட்டர் என்று ஒரு எல்லை வைத்தார்கள். அதற்கு மேல் கனமாக இருந்தவர்களில் கிழிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதற்குக் கீழே இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிழியவில்லை. ஆக, கனமான சுவர் நம்பிக்கை தரும், மெல்லிய சுவர் பதில் தராது. எல்லா இடத்திலும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லை இன்றுவரை இல்லை. சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தும், யார் அளக்கிறார் என்பதைப் பொறுத்தும் அரை மில்லிமீட்டர் மாறும். மொத்தமே மூன்று மில்லிமீட்டர் உள்ள ஒன்றில் அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் எங்கள் தொழிற்சாலையில் அந்தக் கருவியை மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

*

வீட்டில் எல்லாரும் தழும்புக்குச் சாப்பாடு போட்டார்கள். மாமியார் பந்திங் சந்தையிலிருந்து ஹாருவான் மீன் வாங்கி வந்தார். நம் விரால்தான். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் இங்கே அறுவைக் காயத்துக்குக் கொடுப்பது. "உள்ள இருக்கற தையலு கெட்டியாவும், சாப்டு" என்றார். காயம் ஆறும் வாரங்களில் நல்ல புரதம் உதவும். ஆறி எட்டு மாதம் ஆன தழும்பை எந்த மீனும் புதிதாகத் தைக்காது. நான் மறுத்துப் பேசவில்லை, குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் சாப்பாடு எந்தக் கணக்கைச் சரிசெய்யும் என்பதைப் பிரித்துப் பார்த்தேன். சாப்பாட்டின் கணக்கு இரத்தத்தில் இருக்கிறது.

முதல் பரிசோதனையில் என் ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. ஏன் அவ்வளவு இறங்கியது என்பதற்குக் கணக்கு போடலாம். முதல் அறுவையில் 800 மில்லிலிட்டர் இரத்தம் போனதாகக் குறிப்பில் இருந்தது. அப்போது என் ஹீமோகுளோபின் 11. அந்த இரத்தத்தில் 88 கிராம் ஹீமோகுளோபின், ஒரு கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு, ஆக ஏறக்குறைய 300 மில்லிகிராம் இரும்பு போய்விட்டது. ஒரு பெண்ணின் உடம்பில் கையிருப்பாகக் கிடப்பதே அவ்வளவுதான். ஒரு முழுக் கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் தேவை. குழந்தைக்கும் நஞ்சுக்கும் 300, தாயின் இரத்தம் பெருகுவதற்கு 500, அன்றாட இழப்புக்கு 200. முதல் கர்ப்பம் ஒரு பக்கம் எடுத்தது, அறுவை இன்னொரு பக்கம் எடுத்தது, திரும்பச் சேர்வதற்குக் கிடைத்தது எட்டு மாதம். சேமிப்புக் கணக்கு காலியாக இருக்கும்போது அடுத்த கடனை எடுத்த மாதிரி.

மலேசியாவில் இரத்தச்சோகை என்றால் தலசீமியா கூறும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் சிவப்பணு சிறுத்துப்போகும், பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. ஃபெரிட்டின் என்ற சேமிப்பு இரும்பை அளந்தார்கள். எனக்கு 7. முப்பதுக்குக் கீழே இருந்தாலே கையிருப்பு தீர்ந்தது என்று பொருள். தலசீமியா சோதனையில் ஒன்றும் இல்லை. வெறும் இரும்புப் பற்றாக்குறை. அதாவது, திருத்த முடிந்தது.

கிளினிக்கில் தரும் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரை 200 மில்லிகிராம். அதில் இரும்பு 65தான். அந்த 65இல் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனால் நாளைக்கு ஆறு மில்லிகிராம். இருநூறு நாளுக்கு 1,200. தேவைக்கும் கொஞ்சம் மேலே வரும், ஒரு நாளும் விடாமல், உள்ளே போகிறமாதிரி விழுங்கினால். தேத்தண்ணியோடு விழுங்கினால் அந்தப் பத்தில் ஒன்றும் வராது, தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும். பாலும் கால்சிய மாத்திரையும் அப்படியே. அதனால் இரும்பை இரவு பத்து மணிக்கு, கொய்யாத் துண்டு இரண்டோடு வைத்துக்கொண்டேன். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். காலை தே தாரேயை விட மனம் வரவில்லை, விடத் தேவையும் இல்லாமல் போனது. மலம் கறுத்தது, இறுகியது. அது மாத்திரை வேலை செய்கிற அடையாளம்கூட இல்லை, உறிஞ்சப்படாத மிச்சம் வெளியேறுவது. பப்பாளி சூடு என்று ஒதுக்கிவிட்டார்கள். தண்ணீரும் கீரையும்தான் காப்பாற்றின.

சாப்பாட்டில் ஒரு சண்டை மட்டும் நடந்தது. சித்தி ஆட்டு ஈரல் கொண்டுவந்தார். ஈரலில் இரும்போடு வைட்டமின் ஏ மிதமிஞ்சி இருப்பதால் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்வார்கள், அது கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம். அதற்குப் பதிலாகப் பாட்டி சொன்ன சுவரொட்டி சரியாக இருந்தது. ஆட்டின் மண்ணீரல். இரும்பு மிக அதிகம், ஈரலின் வைட்டமின் ஏ சுமை அதில் இல்லை. நன்றாக வேகவைத்து மிளகு போட்டு வாரம் ஒருமுறை. மற்ற நாளில் நெத்திலி, முட்டை, முருங்கைக்கீரை. கீரையின் இரும்பு குறைவாகத்தான் உள்ளே போகும், எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். 28ஆம் வாரத்தில் 10.5, 36ஆம் வாரத்தில் 11.4. இதனால் தழும்பு ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை. ஆனால் இன்னொரு 800 மில்லிலிட்டர் போனால் தாங்குகிற உடம்பாக மாறியிருந்தேன்.

ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலிருந்து தாயின் ஃபோலேட் இறங்கத் தொடங்கி, பிரசவத்துக்குப் பிறகும் பல வாரங்கள் தாழ்ந்தே இருக்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். கருவின் தண்டுவடக் குழல் மூடுவது கரு தங்கிய 28ஆம் நாளில். எனக்கு அது செப்டம்பர் 22. நான் கர்ப்பம் என்று தெரிந்தது 28ஆம் தேதி. மாதவிலக்கே வராதவளுக்கு நாள் தள்ளிப்போவது எப்படித் தெரியும்? மாத்திரை வந்தபோது குழல் மூடியோ மூடாமலோ முடிந்திருந்தது. இருபதாம் வாரத்து ஸ்கேனில் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகப் பார்க்கும்வரை அந்த ஆறு நாள் எனக்குள் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. பால் கொடுக்கிற காலம் முழுக்க நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுப்பது ஏன் நல்லது என்று இப்போது யார் கேட்டாலும் இந்தத் தேதிகளைச் சொல்கிறேன்.

*

மூத்தவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பால்குடி மறக்காத புள்ளய சவலையாக்கிடாத" என்றார் பாட்டி. தாய் மறுபடி கர்ப்பமாகி, பால் வற்றி, மெலிந்துபோகும் குழந்தைக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், வயிறு வீங்கி முடி வெளுத்த குழந்தைகளைப் பார்த்து அங்குள்ள தாய்மாரிடம் நோயின் பெயரைக் கேட்டார். கா மொழியில் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததும் இடம் பறிபோன குழந்தைக்கு வரும் நோய். மருத்துவ உலகம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. அதே சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டின்பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். கடல் தாண்டிய இரண்டு மொழிகள் ஒரே குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கின்றன என்றால், பிரசவ இடைவெளியின் விலையைத் தாய்மட்டும் கொடுப்பதில்லை என்று அர்த்தம்.

டாக்டர் பால் நிறுத்தச் சொல்லவில்லை. நஞ்சு கீழே இறங்கியோ, குறைமாத வலி வந்தோ இருந்தால் யோசிப்போம் என்றார். நான்காம் மாதவாக்கில் பால் தானாகவே குறைந்தது, ஹார்மோன் செய்யும் வேலை. அப்போது மகளுக்கு ஒரு வயது. பால் விட்டுப்போன இடத்தில் கஞ்சி மட்டும் வந்தால்தான் சவலை, ஏனென்றால் கஞ்சி வயிற்றை நிரப்பும், புரதம் தராது. அதனால் கஞ்சிக்குள் நெத்திலிப் பொடி, முட்டை, பருப்பு. மாதாமாதம் எடை பார்த்து அவளுடைய புத்தகத்தின் வளைகோட்டில் புள்ளி வைத்தோம். கோடு படுக்கவில்லை.

*

32ஆம் வாரத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தது. நஞ்சு மேலே, பின்சுவரில், தழும்பைத் தொடாமல் இருந்தது. டாக்டர் இரண்டு வழியையும் சொன்னார். எனக்கு இதுவரை சாதாரணப் பிரசவம் ஆனதில்லை. முதல் தடவை கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. இவை முயற்சி வெற்றியடையும் வாய்ப்பைக் குறைக்கும். 17 மாத இடைவெளி தழும்பின் ஆபத்தைக் கூட்டும். ஆனாலும் தடை என்று சொல்ல முடியாது, முடிவு உங்களுடையது என்றார்.

நான் பாலத்தைத்தான் நினைத்தேன். கேரி தீவிலிருந்து வெளியே போக லங்காட் ஆற்றின் மேல் அந்த ஒரு பாலம்தான். தோட்டத்துப் பாதையைத் தாண்டி கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாலை நன்றாக இருந்தால் முக்கால் மணி நேரம். சனி ஞாயிறில் நண்டு சாப்பிட வரும் கார்களும், வார நாளில் லாரிகளும். தழும்பு கிழிந்தால் குழந்தைக்கு நிமிடக் கணக்கு, அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருதயத் துடிப்புக் கருவியோடு நடக்கும் முயற்சிக்கும், வீட்டில் தொடங்கி பாலத்தில் நீளும் வலிக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது. நாற்பத்தைந்தில் ஒன்று என்பது கட்டிலில் இருப்பவர்களின் எண்.

நாள் குறித்த அறுவையைத் தேர்ந்தேன். 39 வாரத்துக்கு முன்னால் செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும் என்பதால் மே 13, 39 வாரம் 2 நாள். அதற்கு முன்னால் வலி வந்துவிட்டால்? 36ஆம் வாரமே கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன், ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம். எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கணவரையும் சித்தியையும் மனப்பாடம் செய்ய வைத்தேன்: ஒழுங்காக வலி வருவது, வலிக்கும் வலிக்கும் நடுவில்கூட விடாமல் வலிப்பது, இரத்தப்போக்கு, வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோவது, தோள்பட்டையில் குத்தல், குழந்தை அசைவு குறைவது. வலி நின்றால் நிம்மதி என்று காத்திருக்கக் கூடாது என்பதுதான் சித்திக்கு வியப்பு. கிழிந்த கருப்பை சுருங்குவதை நிறுத்திவிடலாம்.

மகன் மே 13 காலை பிறந்தான், 2.9 கிலோ. தைக்கும்போது டாக்டர், கீழ்ப்பகுதி மெலிந்திருக்கிறது, ஆனால் முழுசாக இருக்கிறது என்றார். வலிக்குப் போயிருந்தால் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். அதைச் சொல்ல யாராலும் முடியாது என்றார். எனக்கும் அது சரியான பதிலாகப் பட்டது. இரத்த இழப்பு 600 மில்லிலிட்டர், வெளியேறும்போது ஹீமோகுளோபின் 10.1. இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தேர்வுக்கு விலை உண்டு, அது பின்னால் வரும். ஒவ்வொரு அறுவையும் தழும்பைக் கூட்டுகிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கீழே இறங்கி அந்தத் தழும்பில் வேர்விட்டால் பிரிக்க முடியாமல் கருப்பையையே எடுக்க நேரலாம். 2006இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சு கீழே இறங்கியிருந்தவர்களில் இரண்டாவது அறுவையின்போது நூற்றுக்கு 11 பேருக்கு இப்படி வேர்விட்டிருந்தது, மூன்றாவது அறுவையின்போது 40 பேருக்கு. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் கையில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டேன், மூன்று வருடத்துக்கு. பால் கொடுப்பதை அது தடுக்காது.

நாத்தனார் போன மாதம் போன் பண்ணினாள். அவளுக்கும் முதல் குழந்தை அறுவையில்தான், பத்து மாதம் ஆகிறது. "அண்ணி, நாளு தள்ளிப்போச்சு, என்ன சாப்புடணும்?" என்றாள். சாப்பாட்டை அப்புறம் சொல்கிறேன், முதலில் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த அறுவைக் குறிப்பைத் தேடி எடு, இந்த வாரமே ஸ்கேனுக்குப் போ, கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேள் என்றேன். பிறகு இருவரும் இரும்பு மாத்திரையைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.